மிஷன், விஷன் எழுதும்போது: முழக்கமா, எண்ணும் தேதியுமா, எல்லை வரியா?

டிரஸ்ட் பதிவு முடிந்து வங்கிக் கணக்கும் தொடங்கிய பிறகு, முதல் நன்கொடைப் படிவத்தில் இரண்டு காலிப் பெட்டிகள் வரும். ஒன்றில் விஷன், இன்னொன்றில் மிஷன். அந்த இடத்தில் நின்றுவிட்டவர்கள்தான் என்னிடம் அதிகம் எழுதுகிறார்கள். "அழகாக ஒரு வரி போடுவதா, இல்லை எண் போட்டு மாட்டிக்கொள்வதா?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. மூன்று விதமாக எழுதலாம்: முழக்கம், எண்ணும் தேதியும், யாருக்கு என்ன செய்வோம் என்று எல்லை போடும் வரி. மூன்றையும் ஒரே அமைப்பின் மேல் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

அதற்கு ஒரு மாதிரி அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். நான் பார்த்த பல சிறு டிரஸ்ட்களைக் கலந்து செய்த மாதிரி இது. எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. நான்கு ஊர்களில் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறார்கள். அரசுப் பள்ளியில் 3, 4, 5ஆம் வகுப்பு படிக்கும் 96 பிள்ளைகள் வருகிறார்கள். இப்போது அவர்கள் நோட்டீஸில் இருப்பது இதுதான்.

விஷன்: "அறிவார்ந்த சமுதாயம் படைப்போம்."
மிஷன்: "கிராமப்புற மாணவர்களுக்குத் தரமான கல்வி வழங்கி, அவர்களின் முழுமையான வளர்ச்சிக்குப் பாடுபடுவது."

இந்த வரி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல டிரஸ்ட்களில் பத்திரத்தின் நோக்கங்கள் பகுதியைச் சுருக்கி மிஷன் ஆக்கிவிடுகிறார்கள். பத்திரத்தில் நோக்கங்களை விரித்து எழுதுவது சரிதான். பின்னாளில் புதிதாக ஒன்று செய்ய வேண்டியிருந்தால் பத்திரத்தைத் திருத்தும் அலைச்சல் மிச்சம். எதையும் விட்டுவிடக் கூடாது என்பது பத்திரத்தின் வேலை. எதை விட வேண்டும் என்று சொல்வது மிஷனின் வேலை. ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைத்தால் இரண்டாவது வேலை நடக்காது.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு சோதனைகள் போதும்.

முதலாவது, எதிர்மாற்றுச் சோதனை. வரியைத் தலைகீழாகத் திருப்புங்கள். "தரமற்ற கல்வி வழங்குவோம்" என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். எதிர்ப்பக்கம் நிற்க ஒருவரும் இல்லாத வரி எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று அர்த்தம். "ஆங்கிலத்துக்கு முன் தமிழ் வாசிப்பு" என்று எழுதிப் பாருங்கள். அதற்கு நேர் எதிராக நடத்தும் நல்ல படிப்பகங்களும் உண்டு. அப்படியானால் இது ஒரு முடிவு.

இரண்டாவது, மறுப்புச் சோதனை. போன வருடம் உங்களிடம் வந்த மூன்று கோரிக்கைகளை எழுதுங்கள். நம் டிரஸ்ட்டுக்கு வந்தவை: ஒரு நிறுவனம் சிஎஸ்ஆர் பணத்தில் பெண்களுக்குத் தையல் பயிற்சி நடத்தித் தரச் சொல்கிறது, ஊராட்சித் தலைவர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் கேட்கிறார், பக்கத்து ஊர்க்காரர்கள் ஐந்தாவது படிப்பகம் திறக்கச் சொல்கிறார்கள். தலைவர், செயலர், பொருளாளர், இரண்டு ஆசிரியர்கள் என ஐந்து பேரும் தனித்தனியாக உட்கார்ந்து, மிஷன் வரியை மட்டும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்கலாமா கூடாதா என்று தாளில் எழுதட்டும். ஐந்து தாளும் ஒத்துப்போனால் வரி வேலை செய்கிறது. எல்லாரும் எல்லாவற்றுக்கும் "ஏற்கலாம்" என்று எழுதினால் அது ஒத்துப்போனதாகாது, வரி காலி.

மூன்றாவது, தோல்விச் சோதனை. வெளியாள் ஒருவரிடம் உங்கள் வரியையும் உங்கள் பதிவேட்டையும் கொடுத்தால், "நீங்கள் செய்யவில்லை" என்று அவரால் சொல்ல முடியுமா?

நான்காவது ஆயுள். சொன்னது நடந்து முடிந்த மறுநாள் காலையில் அந்த வரி என்ன ஆகும்?

## முழக்கம்

நம் டிரஸ்ட்டின் இப்போதைய வரிகள் முதல் மூன்று சோதனையிலும் விழுகின்றன. தையல் பயிற்சியும் "முழுமையான வளர்ச்சி"தான், பத்தாம் வகுப்பு டியூஷனும் "தரமான கல்வி"தான். ஆயுள் மட்டும் நன்றாக இருக்கிறது. ஒருபோதும் முடியாத வேலைக்கு ஆயுள் குறையாது.

முழக்கத்தின் செலவு உடனே கண்ணில் படாது. தையல் திட்டத்துக்குப் பணம் வருகிறது, ஏற்கிறார்கள். அதைக் கவனிக்க நல்ல ஆசிரியர் ஒருவரை அனுப்புகிறார்கள், அவர் படிப்பகத்தில் வாரம் இரண்டு மாலை குறைகிறது. யாரும் தவறு செய்யவில்லை, வரியும் மீறப்படவில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் படிப்பகம் தேய்ந்திருப்பது தெரிகிறது, அதுவும் யாராவது பார்த்தால்.

ஆனாலும் முழக்கமே சரியான தேர்வாக இருக்கும் சூழல் ஒன்று உண்டு. 1995இல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய பிரதம் அமைப்பின் வரி, ஒவ்வொரு குழந்தையும் பள்ளியில் இருக்க வேண்டும், நன்றாகக் கற்க வேண்டும் என்ற அளவுதான். "நன்றாகக் கற்பது" தனியாக நின்றால் முழக்கம். ஆனால் 2005 முதல் ஏசர் என்ற கிராமப்புறக் கணக்கெடுப்பை அவர்களே நடத்தத் தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். இரண்டாம் வகுப்பு அளவிலான கதையைப் பிள்ளையால் வாசிக்க முடிகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். "நன்றாக" என்ற சொல்லின் பொருள் அந்தத் தாளில் இருக்கிறது. பின்னால் இப்படி ஓர் அளவுகோல் நிற்குமானால் முன்னால் நிற்கும் வரி குட்டையாக, எளிதாக இருக்கலாம். பல அமைப்புகள் ஒன்றுசேரும் இயக்கங்களுக்கும் முழக்கம் பொருந்தும், எல்லாரும் அதன் கீழ் நிற்க முடியும். அளவுகோல் இல்லாத நான்கு ஊர் டிரஸ்ட்டுக்கு அது பேனரில் இருக்கட்டும், படிவத்தில் வேண்டாம்.

## எண்ணும் தேதியும்

இதற்கு எல்லாரும் அறிந்த உதாரணம் 1961 மே 25 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் கென்னடி வைத்த இலக்கு: இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு மனிதனை நிலவில் இறக்கிப் பத்திரமாகப் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவருவது. பலர் தேதியைத்தான் பாராட்டுவார்கள். எனக்கு அதில் பிடித்தது "பத்திரமாகத் திருப்பி" என்ற பகுதி. அது இல்லையென்றால் ஒருவழிப் பயணமும் வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடும். எழுத்தளவில் நிறைவேற்றி உண்மையில் தோற்கும் வழியை அந்த இரண்டு சொற்கள் அடைக்கின்றன. உங்கள் வரியிலும் இப்படி ஓர் அடைப்பு வேண்டும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஆயுள் சோதனையில் இந்த வகை விழும். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 போய்த் திரும்பியது. மேலே சொன்ன வரி அன்றோடு முடிந்தது. திட்டமிட்டிருந்த 18, 19, 20ஆம் பயணங்கள் கைவிடப்பட்டன; 1972 டிசம்பரில் அப்பல்லோ 17தான் கடைசி. அந்த வரி அடுத்து என்ன என்று சொல்லவில்லை, சொல்லும் வகையும் அதற்கில்லை.

இப்போது நம் டிரஸ்ட்டுக்கு வருவோம். முதல் வேலை, இன்று எங்கே நிற்கிறோம் என்று அளப்பது. ஏசர் முறையில் ஒரு பிள்ளையை முதலில் எளிய பத்தி ஒன்றை வாசிக்கச் சொல்வார்கள். தடையில்லாமல், மூன்று பிழைக்கு மேல் போகாமல் வாசித்தால் கதை. தடுமாறினால் சொற்கள், ஐந்தில் நான்கு சரியாக இருக்க வேண்டும். அதுவும் வராவிட்டால் எழுத்துகள், அங்கும் ஐந்தில் நான்கு. பிள்ளை எட்டிய உச்ச நிலையே அதன் நிலை.

96 பேரை அளந்ததில் கதை நிலையில் 21, பத்தியில் 24, சொல்லில் 27, எழுத்தில் 18, எழுத்தும் வராதவர்கள் 6 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பில் மட்டும் 34 பேர். அவர்களில் கதை வாசிப்பவர்கள் 12. அதாவது மூன்றில் ஒருவரைவிடச் சற்று அதிகம். அளப்பதற்கே செலவு உண்டு. பிள்ளைக்குப் பத்து நிமிடம் என்றாலும் 16 மணி நேரம் ஆகும். நான்கு பேர் இரண்டு மாலை உட்கார வேண்டும். இதை வருடத்துக்கு மூன்று முறை செய்ய ஆள் இல்லையென்றால் எண் போடாதீர்கள். அளக்க முடியாத எண்ணும் முழக்கம்தான்.

சரி, முதல் வரைவு இப்படி வந்தது: "மூன்று ஆண்டுகளில் எங்கள் படிப்பகப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் கதை வாசிப்பார்கள்." தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள், இரண்டுமே உண்மையில் நடப்பவை.

ஒன்று, பத்தி நிலையில் இருக்கும் 24 பேரைக் கொஞ்சம் தள்ளினால் கதைக்குப் போய்விடுவார்கள். எழுத்தும் வராத 6 பேருக்கு ஒரு வருட உழைப்பு வேண்டும். 80 விழுக்காடு கேட்கும் வரி, பாக்கி 20 விழுக்காட்டில் யாரை விட்டுவிடலாம் என்பதையும் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. ஆசிரியர் கெட்டவரல்ல, வரி அவரை அந்தப் பெஞ்சை நோக்கித் திருப்புகிறது. பின்பெஞ்சுப் பிள்ளைகள் அதே இடத்தில் இருக்க, அறிக்கையில் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் இதுதான் நடக்கிறது என்று கண்டுகொள்ளலாம்.

இன்னொன்று வகுக்கும் எண். "எங்கள் படிப்பகப் பிள்ளைகளில்" என்றால், வாசிக்க வராமல் கூச்சப்பட்டு நின்றுவிட்ட பிள்ளை கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. பத்துப் பேர் நின்றால் விழுக்காடு தானாகக் கூடும். மொத்த எண்ணிக்கையை ஜூன் மாதப் பள்ளிச் சேர்க்கையோடு கட்டிவிட்டால் இந்த ஓட்டை அடையும்.

இப்படித் திருத்தினால் வருவது:

"2029 மார்ச்சில், எங்கள் நான்கு ஊர் அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேர் இரண்டாம் வகுப்புக் கதையைத் தாங்களே வாசிப்பார்கள். சொல் நிலைக்குக் கீழே ஒருவரும் இருக்க மாட்டார்கள்."

இரண்டாவது வாக்கியம்தான் நம் "பத்திரமாகத் திருப்பி." இந்த வகை எப்போது சரி? ஒரே ஒரு பெரிய விளைவு, அதை அளக்கக் கையில் ஒரு கருவி, மூன்று முதல் ஐந்து வருடக் காலம் என மூன்றும் இருக்கும்போது. ஆனால் அன்றாடம் வரும் கோரிக்கைகளுக்கு இது அரைகுறையாகத்தான் பதில் சொல்லும். தையலும் பத்தாம் வகுப்பும் இலக்குக்கு உதவாது என்று தெரிகிறது. ஐந்தாவது ஊரைப் பற்றி இந்த வரி நான்கு ஊர் என்கிறதே தவிர, ஏன் என்று சொல்வதில்லை.

## எல்லை வரி

மதுரையில் 1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் பணி, தேவையற்ற பார்வையிழப்பை ஒழிப்பது. எண் இல்லை, தேதியும் இல்லை. அப்படியிருந்தும் இது முழக்கம் அல்ல. ஏன் என்று பார்ப்பது இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம்.

"தேவையற்ற" என்ற அடைமொழி எல்லை போடுகிறது. தடுக்கவோ குணப்படுத்தவோ முடிந்திருந்தும் பறிபோகும் பார்வை, முக்கியமாகக் கண்புரை. அப்படியானால் அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கையும், ஒவ்வொன்றின் செலவும், கிராமத்து முகாம்களும் மையத்துக்கு வந்துவிடுகின்றன. "பார்வையிழப்பை" என்ற பெயர்ச்சொல் இன்னொன்று செய்கிறது. வரியில் மருத்துவமனை இல்லை, நோயாளி இல்லை, ஊரும் இல்லை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றபோது, 1992இல் ஆரோலேப் தொடங்கி லென்ஸை இங்கேயே செய்தார்கள். மருத்துவமனை ஏன் தொழிற்சாலை நடத்த வேண்டும் என்ற கேள்விக்கு வரியிலேயே பதில் இருந்தது. அதே 1992இல் மற்ற கண் மருத்துவமனைகளுக்குத் தங்கள் முறையைக் கற்றுக்கொடுக்க லாய்கோ என்ற பயிற்சி நிறுவனத்தையும் தொடங்கினார்கள். "சிறந்த கண் மருத்துவமனையாக விளங்குவது" என்று எழுதியிருந்தால் இது போட்டியாளரை வளர்ப்பது. பார்வையிழப்பை ஒழிப்பது என்று எழுதியதால் இதுவே வேலை.

இந்த வகையின் குறை தோல்விச் சோதனையில். எந்த வருடத்திலும் "நீங்கள் தோற்றீர்கள்" என்று ஒருவரால் சொல்ல முடியாது. பக்கத்திலேயே ஓர் எண் வைத்திருந்தால்தான் சோம்பல் தெரியும்.

நம் டிரஸ்ட்டுக்கு எல்லை வரி எழுதினால்:

"அரசுப் பள்ளியில் 3 முதல் 5ஆம் வகுப்பு வரை படித்தும் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடியாத பிள்ளைகளுக்கு, தினமும் மாலை ஒரு மணி நேரம் தமிழ் வாசிப்பு கற்றுத் தருகிறோம். வாசிக்கத் தொடங்கியதும் நூலகத்தில் சேர்த்துவிட்டு அடுத்த பிள்ளையை எடுத்துக்கொள்கிறோம்."

தையல் இல்லை. பத்தாம் வகுப்பு இல்லை. ஐந்தாவது ஊரில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்து, ஆசிரியரும் இருந்தால் போகலாம். ஊரின் பெயர் எல்லை அல்ல, பிள்ளையின் நிலைதான் எல்லை.

ஆனால் இந்த வரிக்குள் ஒரு வலி இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கதை வாசிக்கும் 21 பிள்ளைகளும் நாளையிலிருந்து மாலை வகுப்பில் இல்லை. பெரும்பாலும் அவர்கள் வீட்டுப் பெற்றோர்தான் படிப்பகத்துக்கு மின்விசிறி வாங்கித் தந்தவர்கள், விழாவுக்கு வந்து நிற்பவர்கள். "எங்க பிள்ளை நல்லாப் படிக்குதுன்னு வெளிய அனுப்புறீங்களா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குழுக் கூட்டத்தில் சத்தம் வரும். அந்தச் சத்தம் வரும்போதுதான் வரி எதையோ உண்மையில் சொல்லியிருக்கிறது என்று எனக்கு நம்பிக்கை வரும். கூட்டம் அந்த 21 பேரை வைத்துக்கொள்ள முடிவு செய்தால் அதுவும் சரி, ஆனால் வரியை மாற்றி எழுத வேண்டும்: "வாசிக்க முடிந்தவர்கள் வாரம் ஒரு நாள் இளையவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள்" என்பதுபோல. வரியை அப்படியே விட்டுவிட்டு நடைமுறையில் வளைப்பது மட்டும் வேண்டாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முழக்கம் | எண்ணும் தேதியும் | எல்லை வரி |
|---|---|---|---|
| எதிர்மாற்று | எதிர்ப்பக்கம் ஆளில்லை | தாண்டும் | தாண்டும் |
| மறுப்பு | எதையும் மறுக்காது | பாதி | நன்றாக மறுக்கும் |
| தோல்வி தெரியுமா | தெரியாது | தேதியோடு தெரியும் | தனியாகத் தெரியாது |
| ஆயுள் | நீளம் | தேதி வரை | நீளம் |
| மறைந்திருக்கும் செலவு | வேலை மெல்லச் சிதறும் | அளக்கும் உழைப்பு, எண்ணைத் துரத்தும் ஆபத்து | நெருங்கியவர்களின் மனத்தாங்கல் |
| யாருக்கு | இயக்கம், அல்லது அளவுகோல் பின்னால் உள்ளவர் | முடிவுள்ள திட்டம் | நீண்டகாலச் சேவை அமைப்பு |

நாலைந்து ஊர் அளவுள்ள அமைப்புக்கு என் தேர்வு இது: மிஷன் பெட்டியில் எல்லை வரி, விஷன் பெட்டியில் எண்ணும் தேதியும். மிஷன் இன்று யாருக்கு என்ன செய்கிறோம் என்பது. விஷன் அதனால் ஒரு நாளில் ஊர் எப்படி இருக்கும் என்பது. ஒன்றின் குறையை இன்னொன்று அடைக்கிறது. 2029இல் விஷன் காலாவதியானாலும் மிஷன் நிற்கும். மிஷன் காட்டாத தோல்வியை விஷன் காட்டும். நிகழ்ச்சி முடிந்ததும் கலைந்துவிடும் குழுவுக்கு, ஒரே ஒரு ஏரியைத் தூர்வாரச் சேர்ந்தவர்களைப் போல, எண்ணும் தேதியும் மட்டும் போதும்.

எழுதிய பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எந்தப் படிப்பகத்தின் ஆசிரியரும் தன் பிள்ளைகளைத் தானே சோதிக்க வேண்டாம்; நான்கு பேரும் இடம் மாறி இன்னொரு ஊர்ப் பிள்ளைகளைச் சோதிக்கட்டும். வாசிக்கும் தாளும் ஒவ்வொரு முறை வேறாக இருக்கட்டும், இல்லையென்றால் மூன்றாம் முறை பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஜூன், நவம்பர், மார்ச் என மூன்று முறை எடுத்த எண்களையும், எழுத்து நிலையில் இன்னும் எத்தனை பேர் என்பதை முதல் வரியாக வைத்து, ஆண்டறிக்கையில் விஷனுக்கு நேர் கீழே அச்சிடுங்கள். நவம்பரில் அந்த முதல் வரி ஜூனில் இருந்ததுபோலவே இருந்தால், மார்ச் வரை காத்திருக்காமல் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆசிரியரைப் போடுங்கள்.